ஆண்டைக் கழித்தால் வயது வருமா?

ஊர்ப்பக்கம் வயதானவர்களிடம் வயதைக் கேட்டுப் பாருங்கள். "அறுபது முடிந்து அறுபத்தொன்று நடக்கிறது" என்பார்கள். முடிந்தது ஒரு கணக்கு, நடப்பது இன்னொரு கணக்கு என்ற தெளிவு அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. மணிவிழாவும் அப்படித்தான். அறுபது ஆண்டுகள் நிறைந்தபிறகுதான் அது வரும், அறுபதாவது ஆண்டு தொடங்கும்போது வராது. ஆனால் அதே ஊரின் பெயர்ப்பட்டியல் ஒரு அலுவலகக் கணினியில் எக்செல் கோப்பாக ஏறியதும் இந்தத் தெளிவு காணாமல் போய்விடுகிறது. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, வந்த எண்ணை ‘வயது’ என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகிறார்கள்.

அந்த எண் வயது அல்ல. அந்த ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் அந்த நபருக்கு எத்தனை வயது நிரம்பும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒருவருக்கு இந்த ஆண்டின் பிறந்தநாள் கடந்துவிட்டதென்றால் இரண்டும் ஒன்றுதான். இன்னும் கடக்கவில்லை என்றால் கழித்தல் அவருக்கு ஒரு வயதைக் கூட்டிக் காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதால், ஆட்கள் அதிகமானால் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்ற வழக்கமான ஆறுதல் இங்கே எடுபடாது.

எத்தனை பேருக்குப் பிழை வரும் என்பதை, வயதைக் கணக்கிடும் நாள் எது என்பதே தீர்மானிக்கிறது. நம் வாக்காளர் பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் வந்தன. 2024-ஐ எடுத்துக்கொள்வோம். 2006-இல் பிறந்த எல்லோருக்கும் கழித்தல் 18 என்கிறது. ஜனவரி 1 அன்று அவர்களில் உண்மையில் 18 நிரம்பியவர்கள் 2006 ஜனவரி 1 அன்றே பிறந்தவர்கள் மட்டும். மற்ற அத்தனை பேரும் பதினேழு. ஏப்ரல் 1-இல் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குப் பிழை, ஜூலை 1-இல் பாதிப் பேருக்கு, அக்டோபர் 1-இல் கால்வாசிப் பேருக்கு. வாய்பாடு மாறவில்லை. நாள் மட்டும்தான் நகர்ந்தது.

இந்தக் குழப்பம் நாடு முழுவதும் கண்முன் நடந்தது கொரோனா தடுப்பூசிக் காலத்தில். 2022 ஜனவரி 3 அன்று 15 முதல் 18 வயதினருக்கான தடுப்பூசி தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல், 15 வயதோ அதற்கு மேலோ உள்ளவர்கள் பதியலாம் என்றது. கூடவே, 2007-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் தகுதியானவர்கள் என்றும் அதையே வேறு சொற்களில் விளக்கியது. இரண்டு வாக்கியங்களும் ஒன்றையே சொல்வதுபோல் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஜனவரி 3 அன்று, 2007-இல் பிறந்த பிள்ளைகளில் அந்த ஆண்டின் முதல் மூன்று நாள்களில் பிறந்தவர்களுக்கு மட்டுமே 15 நிரம்பியிருந்தது. டிசம்பர் 2007-இல் பிறந்த பிள்ளைக்குப் பதினைந்து நிரம்ப இன்னும் ஓராண்டு கிடந்தது. கோவின் தளம் அப்போது பிறந்த ஆண்டை வைத்தே பதிவை அனுமதித்ததால், அமைச்சகம் தளத்துக்கேற்ப விதியை வளைத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருத்துவ ரீதியாக இதில் கேடு எதுவும் இல்லை. கோவாக்சினுக்குக் கிடைத்த அவசர அனுமதி 12 வயதிலிருந்தே செல்லும். ஆனால் ‘15–18 வயதினர்’ என்ற தலைப்பில் அன்றாடம் வெளியான எண்ணிக்கையில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஏராளமாக இருந்தார்கள்.

இரண்டரை மாதம் கழித்து, மார்ச் 16 அன்று, அடுத்த வயதுக் குழுவுக்குக் கோர்பிவேக்ஸ் தடுப்பூசி தொடங்கியது. 2008, 2009, 2010-இல் பிறந்தவர்கள் என்றுதான் மறுபடியும் அறிவிப்பு. இந்த முறை சிக்கல் உறைத்தது. 2010-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு அன்று 12 நிரம்பியிருக்க வேண்டுமானால் ஜனவரி 1-க்கும் மார்ச் 16-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். 365 நாள்களில் 75 நாள்கள். ஐந்தில் நான்கு பங்குப் பிள்ளைகளுக்குப் பதினொன்றுதான். 12-க்குக் கீழ் போட அப்போது அனுமதி இல்லை. எனவே அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், தளம் பிறந்த ஆண்டைப் பார்த்துப் பதிவை ஏற்றுக்கொண்டாலும், ஊசி போடும் நாளில் 12 நிரம்பியிருக்கிறதா என்று மையத்தில் இருப்பவர்களே சரிபார்க்க வேண்டும், நிரம்பவில்லை என்றால் போடக் கூடாது என்றது. கணினி செய்யாமல் விட்ட கழித்தலின் மீதியை, பள்ளி வகுப்பறையில் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு செவிலியர் முடிக்க வேண்டியதாயிற்று.

தனிமனிதருக்கு வரும் பிழை எளிதில் புரியும். வயதுக் குழுக்களாகக் கூட்டும்போது நடப்பதுதான் கொஞ்சம் தந்திரமானது. அதைப் பார்க்க ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் 120 பேர், மாதத்துக்குப் பத்துப் பேர். கணக்கிடும் நாள் 31 மார்ச் 2024, நிதியாண்டின் கடைசி நாள். நமக்கு வேண்டியது 60–64 குழு.

நிரம்பிய வயதுப்படி இந்தக் குழுவில் இருக்க வேண்டியவர்கள் 1959 ஏப்ரல் 1 முதல் 1964 மார்ச் 31 வரை பிறந்தவர்கள், 600 பேர். கழித்தல் எடுத்துக்கொள்வதோ 1960 ஜனவரி 1 முதல் 1964 டிசம்பர் 31 வரை பிறந்தவர்களை. அதுவும் 600 பேர்தான். மேலதிகாரி மொத்தத்தைச் சரிபார்த்தால் பொருந்தும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் உள்ளே ஆள் மாறியிருக்கிறது. 1964 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பிறந்த 90 பேர், இன்னும் 59-இல் இருப்பவர்கள், கீழே இருந்து நுழைந்துவிட்டார்கள். 1959 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பிறந்த 90 பேர், இன்னும் 64-இல் இருப்பவர்கள், மேல் குழுவுக்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தவறான ஆட்கள், மொத்தத்தில் ஒருவர்கூட வித்தியாசமில்லை.

இந்தப் பதினைந்து எங்கிருந்து வருகிறது என்றால், பிறந்தநாள் கடக்காத முக்கால்வாசிப் பேரை ஐந்தாண்டு அகலத்தால் வகுத்தால் வருவது. குழு பத்தாண்டு அகலமாக இருந்தால் பாதியாகிவிடும். ஒவ்வொரு வயதையும் தனித்தனியாக எண்ணினால் முக்கால்வாசிப் பேர் தவறான இடத்தில் இருப்பார்கள். அகலமான குழுக்களில் பிழை ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

எல்லா ஆண்டும் சம அளவில் ஆள் இருக்கும் ஊர் எங்குமே இல்லை. வயது ஏற ஏற எண்ணிக்கை குறையும். 1964-இல் பிறந்தவர்கள் 160, 1959-இல் பிறந்தவர்கள் 120 என்று மாற்றிப் பாருங்கள். நுழைபவர்கள் 120, வெளியேறுபவர்கள் 90. இப்போது குழு 30 பேர் வீங்கிவிட்டது. முதியோர் குழுக்கள் ஒவ்வொன்றும் இப்படிச் சற்று வீங்கியே காட்சி தரும்.

மேல்முனை திறந்த குழுவில்தான் பிழை வெளிப்படையாகத் தெரியும். ‘60-உம் அதற்கு மேலும்’ என்ற குழுவுக்கு வெளியேற வாசலே கிடையாது. நுழைந்த 120 பேரும் அப்படியே கூடுதல். முதியோர் ஓய்வூதியமோ பயணச் சலுகையோ ஏதாவது ஒன்றுக்கு ஆள் எண்ணித் தொகை ஒதுக்கினால், அந்த 120 பேருக்கும் சேர்த்து ஒதுக்கிவிட்டு, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் கட்டத்தில் 59 வயதுக்காரர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். ஒதுக்கீட்டுக்கும் பயனாளிகளுக்கும் இடையே விழும் அந்த இடைவெளிக்கு மக்களின் அக்கறையின்மையைக் காரணம் காட்டும் அறிக்கைகள்கூட எழுதப்படும்.

கீழ்முனையில் பிழை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளை எண்ணுகிறோம். 31 மார்ச் 2024-இல் உண்மையான கணக்கு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் பிறந்தவர்கள். கழித்தலின்படியோ 2024-இல் பிறந்தவர்கள் மட்டும், அதாவது மூன்று மாதக் குழந்தைகள். 2023 நவம்பரில் பிறந்து இன்னும் குப்புறக்கூடக் கவிழாத குழந்தைக்கு இந்த வாய்பாட்டில் ஒரு வயது. கீழே இருந்து நுழைய யாரும் இல்லை, பிறக்காதவர்கள் பட்டியலில் இருக்க முடியாதல்லவா? ஆகவே குழு கால்பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் இறப்புகளை அந்த வயதுக் குழந்தைகளின் மொத்தத்தால் வகுக்கும் கணக்குகளில் இறப்பைச் சரியான வயதோடும் மொத்தக் குழந்தைகளைக் கழித்த வயதோடும் எடுத்தால், விகிதம் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வாக்காளர் பட்டியலிலும் இதே கீழ்முனைச் சிக்கல் வரும். 18–19 வயது புதிய வாக்காளர்கள் எத்தனை பேர் என்பதைத் தேர்தல் நேரத்தில் எல்லோரும் கேட்பார்கள். ஜனவரி 1, 2024-ஐத் தகுதி நாளாகக் கொண்ட பட்டியலில் 2006-இல் பிறந்தவர்கள், அந்த ஆண்டின் முதல் நாளில் பிறந்தவர்களைத் தவிர, இருக்க மாட்டார்கள். உண்மையான 18–19 என்பது ஏறக்குறைய 2004-இலும் 2005-இலும் பிறந்தவர்கள். கழித்தலில் 2004-காரர்கள் 20 ஆகிவிடுவார்கள், 2005-காரர்கள் 19. பதினெட்டு என்று காட்ட அந்த ஒரு நாளில் பிறந்தவர்களைத் தவிர ஆளே மிஞ்சாது. குழு பாதியாகச் சரிந்து, இளைஞர்களுக்கு வாக்களிப்பதில் ஆர்வமில்லை என்ற தலைப்பு தயாராகிவிடும். ஆக, பிழை வீங்கச் செய்கிறதா சுருங்கச் செய்கிறதா என்பது, பட்டியலில் எல்லைக்குக் கீழே இருப்பவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

கையில் வந்த ஒரு பட்டியலில் வயது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 60 என்று குறிக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களில் மிக முந்தைய பிறந்த தேதியையும் மிகப் பிந்தைய பிறந்த தேதியையும் பாருங்கள். 31 மார்ச் 2024-க்கான சரியான கணக்கென்றால் தேதிகள் 1963 ஏப்ரல் 1-க்கும் 1964 மார்ச் 31-க்கும் இடையில் அடங்கும். 1964 ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தால், கழித்திருக்கிறார்கள்.

மாதாந்திர அறிக்கைகள் இருந்தால் இன்னும் வேகமாகப் பிடிபடும். நான் ஒருமுறை பார்த்த ஒரு முதியோர் பட்டியலில் 60-க்கு மேற்பட்டோர் எண்ணிக்கை ஜனவரியில் திடீரென ஒரு படி ஏறியிருந்தது. பிறகு டிசம்பர் வரை அப்படியே நேர்க்கோடு. மக்கள் ஒவ்வொரு மாதமும்தானே அறுபதை எட்டுகிறார்கள்? ஆண்டெல்லாம் சும்மா இருந்துவிட்டு, புத்தாண்டு நள்ளிரவில் ஊரே சேர்ந்து கிழவராவதில்லை. அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் வாய்பாட்டைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் திறந்தேன். இதுதான் இருந்தது:

```
=YEAR(B2)-YEAR(A2)
```

A2-இல் பிறந்த தேதி, B2-இல் கணக்கிடும் நாள். இதற்குப் பதில் எக்செலில் எழுத வேண்டியது:

```
=DATEDIF(A2,B2,"Y")
```

தட்டச்சு செய்யும்போது எக்செல் இந்தப் பெயரைத் தானாக எடுத்துக் கொடுக்காது. அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. முழுப்பெயரையும் எழுதினால் வேலை செய்யும். தரவுத்தளங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் ஏறக்குறைய இதே பெயரில் உள்ள கட்டளை, இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை புத்தாண்டுகள் கடந்தன என்பதைத்தான் எண்ணும்:

```
DATEDIFF(year, '2005-12-31', '2006-01-01')
```

இதன் விடை 1. நடுவே கழிந்தது ஒரே ஒரு நாள். மைஎஸ்க்யூஎல்லில் உள்ள TIMESTAMPDIFF நிரம்பிய ஆண்டுகளைச் சரியாக எண்ணுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் பெயரின் சாயலைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

கழித்தல் தவறு என்று தெரிந்தவர்கள் சிலர், நாள்களை எண்ணி 365.25-ஆல் வகுக்கிறார்கள். அது பெரும்பாலும் சரிவரும், பிறந்தநாளன்று மட்டும் கைவிடும். 2005 ஜூலை 1 அன்று பிறந்தவருக்கு 2023 ஜூலை 1 அன்று 18 நிரம்புகிறது. நடுவே 6,574 நாள்கள். வகுத்தால் 17.9986, முழு எண்ணாக்கினால் 17. வாக்குரிமைக்குத் தகுதி பெறும் அதே நாளில் அவரை வெளியே நிறுத்திவிடும்.

எந்த மென்பொருளிலும், கால்குலேட்டரில்கூடச் செய்யக்கூடிய வழி ஒன்று எனக்குப் பிடித்தது. தேதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்க எண்ணாக எழுதிக் கழிக்க வேண்டும். 1964 ஆகஸ்ட் 15-இல் பிறந்தவருக்கு 31 மார்ச் 2024 அன்று:

```
20240331 - 19640815 = 599516
```

கடைசி நான்கு இலக்கங்களை அடித்துவிட்டால் 59. மாதமும் நாளும் இன்னும் எட்டப்படவில்லை என்றால் ஆண்டு இலக்கத்திலிருந்து ஒன்று தானாகவே கடன்போய்விடும். சிறுவயதில் பலகையில் போட்ட கடன்வாங்கிக் கழித்தல்தான், வேறொன்றுமில்லை.

பிறந்த ஆண்டு மட்டுமே பதிவாகியிருந்தால் எந்த வாய்பாடும் உதவாது. நம் நாட்டில் இது அரிய நிலையல்ல. பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும்தான் அச்சாகியிருக்கும். இப்படிப்பட்ட பட்டியலில், கணக்கிடும் நாளை டிசம்பர் 31 என்று வைத்து, அதைத் தலைப்பிலேயே எழுதிவிடுவதுதான் நேர்மையான வழி. அந்த ஒரு நாளுக்குக் கழித்தல் எல்லோருக்கும் சரியாக இருக்கும். மார்ச் மாத எண்ணிக்கையே வேண்டுமென்றால், எல்லை வயதில் நிற்பவர்களில் கால்வாசிப் பேரை மட்டும் மேல் குழுவில் சேர்த்து மதிப்பிடலாம். ஆனால் அந்தக் கால்வாசியில் யார் யார் என்று பெயர் சொல்ல முடியாது. எண்ணிக்கைக்கு அது போதும், ஒருவருக்குச் சலுகை கொடுக்கவோ மறுக்கவோ போதாது.

இன்னொரு வகைப் பதிவும் உண்டு. தேதி தெரியாத இடத்தில் ஜனவரி 1 என்று நிரப்பிவைப்பது. முதியோர் பட்டியல்களில் 01/01 என்று தொடங்கும் பிறந்த தேதிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்குக் கழித்தலும் DATEDIF-உம் எந்த நாளிலும் ஒரே விடையைத்தான் தரும். வாய்பாட்டைச் சோதித்துப் பார்க்க இப்படிப்பட்ட நூறு பெயர்களை எடுத்துக்கொண்டால், தவறான வாய்பாடு பிழையே இல்லாமல் தேறிவிடும். சோதனைக்கு எடுக்க வேண்டியது அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்களை.

கழித்தலே விதியாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன, அங்கே அதைப் பிழை என்று சொல்ல முடியாது. உலகத் தடகளப் போட்டிகளில் இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு வயது, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ஐ வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தென்கொரியாவில் கட்டாய ராணுவச் சேவைக்கும் மது விற்பனைக்கும் ஆண்டைக் கழித்து வரும் வயதே செல்லும். 2023 ஜூனில் பொதுவான சட்டங்களுக்கு நிரம்பிய வயதையே அளவாக்கியபோதும் இந்த இரண்டையும் அப்படியே விட்டுவைத்தார்கள். அங்கெல்லாம் விதியும் வாய்பாடும் ஒன்றாக இருக்கின்றன. கோவினில் விதி நிரம்பிய வயதைச் சொன்னது, வாய்பாடு ஆண்டைப் பார்த்தது.

விதி நிரம்பிய வயதைச் சொன்னாலும், எந்த நாளில் நிரம்புகிறது என்பதில் கடைசியாக ஒரு நாள் இழுபறி மிச்சமிருக்கிறது. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவருவோர் சட்டப்படி, பதினெட்டாம் பிறந்தநாள் தொடங்கும் நொடியில் ஒருவர் மேஜர் ஆகிறார். அரசு ஊழியர் ஓய்விலோ, மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார், முந்தைய நாளே வயது நிறைந்துவிட்டதாகக் கொள்வதால். 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ராஜஸ்தானிலிருந்து பிரபு தயாள் சேஸ்மா என்பவரின் வழக்கு வந்தது. பிறந்த தேதி 1956 ஜனவரி 2. அரசுப் பணித் தேர்வுக்கு 1984 ஜனவரி 1 அன்று 28 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பிறந்த நாளையும் ஒரு முழு நாளாக எண்ண வேண்டும், எனவே ஜனவரி 1 முடியும் நள்ளிரவிலேயே அவருக்கு 28 நிரம்பிவிட்டது என்று கூறி நீதிமன்றம் அவரைத் தகுதியற்றவர் ஆக்கியது. அவருடைய தேதியை DATEDIF-இடம் கொடுத்தால் 27 என்றுதான் சொல்லும். கழித்தல் வாய்பாடு, ஏன் என்று தனக்கே தெரியாமல், நீதிமன்றத்தின் விடையைத் தந்திருக்கும்.